அம்மம்மா சந்தையில் போன் மூலம் காசு கட்டலாமா?

கேள்வி: எங்கட அம்மம்மாவுக்கு 72 வயது. இனிச் சந்தையில் போன் மூலம்தான் காசு கட்டுவன் என்று நிற்கிறா. அந்தச் சனத்துக்குள் பிழைவிட்டால் காசு போய்விடுமோ என்று எனக்குப் பயம். பழக்கலாமா?
– ஒரு பேத்தி, முல்லைத்தீவு

பதில்: பழக்குங்கள், பிள்ளை. முதல் தடவை மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். நான் என் அம்மாவோடு நின்றதைச் சொல்கிறேன்.

பாலைப்பழக் காலம். கிளிநொச்சிச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவும் என் மகளும் கத்தரிக்காய், முருங்கைக்காய், பாலைப்பழம் எல்லாம் எடுத்தார்கள். மொத்தம் 640 ரூபாய். தராசுக்குப் பக்கத்தில் லங்கா கியூஆர் அட்டை தொங்கியது. கடைக்காரரின் வங்கி வேறு, அம்மாவின் வங்கி வேறு. அதனால் ஒன்றும் குறையில்லை. அம்மா தன் வங்கிச் செயலியைத் திறந்து அட்டைக்கு நேரே பிடித்தா. திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

"இது ஆர், தம்பி?"

"என்ர மனுசி, ஆச்சி. கணக்கு அவவின்ர பேரில."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அடுத்ததுக்குப் போனா. எனக்கு மனம் குளிர்ந்தது. கடைக்காரரின் அட்டைக்கு மேல் வேறு யாரும் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டால், அதைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பெயர்தான்.

அச்சடித்துத் தொங்கும் அட்டைக்கு விலை தெரியாது. சாமான் வாங்குபவர்தான் தொகையை அடிக்க வேண்டும். அம்மாவின் விரல் பூச்சியத்தில் இரண்டு தரம் பட்டு 6400 ஆகிவிட்டது. மகள் கண்டும் வாய் திறக்கவில்லை. உறுதிசெய்யும் திரையில் தொகை திரும்ப வந்ததும், "இது ஆறாயிரமெல்லே!" என்று அம்மாவே பின்னுக்குப் போய்த் திருத்தினா. அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் வங்கி உடனே பிடித்துத் தருவதில்லை, பெற்றவர் மனம் வைத்துத் திருப்பித் தரவேண்டும். அந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் திரை சுற்றிக்கொண்டே நின்றது. சந்தைக்குள் சிக்னல் குறைவு. பின்னால் நின்றவர்கள் நெருக்க, அம்மா திரும்பவும் கட்டப் போனா. அன்று நான் கையைப் பிடித்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். முதல் தடவை கட்டியது போயிருந்தால் இரண்டாவதும் போகும். செயலியில் கணக்கு விபரத்தைத் திறந்து, 640 கழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்தோம், கழிந்திருந்தது. கொஞ்சத்தில் கடைக்காரரின் போனும் சத்தம் போட்டது.

"வந்திட்டுது, ஆச்சி."

அம்மா விடவில்லை. அவர் போனை வாங்கி, குறுஞ்செய்தியில் 640 என்று வாய்விட்டு வாசித்த பிறகுதான் பையைத் தூக்கினா.

அம்மா அந்தச் செயலியில் போட்டிருப்பது தனிச் சேமிப்புக் கணக்கு, சந்தைச் செலவுக்கு 5000 ரூபாய் மட்டும். உங்கள் அம்மம்மாவுக்கும் அப்படியே செய்யுங்கள். தாள் காசும் கொஞ்சம் இருக்கட்டும்: வெற்றிலைக்காரரிடம் அட்டை இல்லை, அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துத்தான் நூறு ரூபாய் கொடுத்தா.