ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகு

அன்புள்ள ஐயா,

ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் ஃப்ரீ ராடிக்கலை வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்தபின் அதுவே ஒரு ராடிக்கல் ஆகிவிடாதா? தொல்லை இடம் மாறியதுதானே மிச்சம்? அதை வைட்டமின் சி மீட்கிறது என்கிறார்கள். நீரில் கரையும் பொருள் கொழுப்புச் சவ்வுக்குள் எப்படிப் போகும்?

– கே.

அன்புள்ள கே.,

ஆகிவிடும். ஆனால் எல்லா ராடிக்கலுக்கும் ஒரே மூர்க்கம் கிடையாது.

செல் சவ்வின் கொழுப்பு அமிலங்கள் சிலவற்றில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கிறது. ஒரு ராடிக்கல் அதைப் பறித்ததும் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, பெராக்சில் ராடிக்கல் உருவாகிறது. அது பக்கத்துக் கொழுப்பு அமிலத்தின் ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். இப்படியே சங்கிலி நீளும். பழைய முறுக்கில் சிக்கு வாடை வருவதும் இப்படித்தான்.

இந்தப் பறிப்பு சற்று மெதுவானது. கரைசலில் அளந்தால், பெராக்சில் ராடிக்கல் லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலத்திடமிருந்து பறிப்பதைவிட வைட்டமின் ஈயிடமிருந்து ஏறத்தாழ 50,000 மடங்கு வேகமாக ஹைட்ரஜனைப் பெறுகிறது. சவ்வில் அந்த வேகம் குறையும். ஆனாலும் ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில் வைட்டமின் ஈ இருந்தாலே சங்கிலி அறுந்துவிடுகிறது. ஹைட்ரஜனை இழந்த வைட்டமின் ஈயில் தனித்து நிற்கும் எலக்ட்ரான் அதன் தலையிலுள்ள வளையம் முழுவதும் பரவிவிடுவதால், அது அடுத்தவரிடம் பறிக்க அவசரப்படுவதில்லை. பெரும்பாலும் இன்னொரு பெராக்சிலோடு சேர்ந்து தீர்ந்துபோகும்.

வைட்டமின் சி சவ்வுக்குள் போகவே வேண்டியதில்லை. வைட்டமின் ஈயின் நீண்ட வால்தான் கொழுப்பில் புதைந்திருக்கிறது. ஹைட்ரஜனைக் கொடுக்கும் தலை சவ்வின் விளிம்பில், நீருக்கு அருகே இருக்கிறது. வெளியே நிற்கும் சி அங்கேயே ஹைட்ரஜனைக் கொடுத்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. 1979இல் பாக்கர், ஸ்லேட்டர், வில்சன் மூவரும் இந்தக் கைமாற்றத்தைக் கரைசலில் நேரடியாகக் கண்டார்கள். 1980களில் ஜப்பானில் எட்சுவோ நிகி குழுவினர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது முதலில் சி மட்டுமே குறைந்துகொண்டு வந்தது. அது தீர்ந்த பிறகே ஈ குறையத் தொடங்கியது. எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. சியும் ராடிக்கல் ஆகிறது, ஆனால் இன்னும் சாதுவானது. அதைச் செல்லிலுள்ள நொதிகளும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் மீட்கின்றன.

உங்கள் சந்தேகம் ஓரிடத்தில் பலிக்கிறது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகளில் சி போன்ற துணை இல்லாமல் மாட்டிக்கொண்ட ஈ ராடிக்கல், கடைசியில் கொழுப்பிடமே ஹைட்ரஜனைப் பறித்துச் சங்கிலியை மெல்ல நகர்த்துகிறது என்று ரோலண்ட் ஸ்டாக்கர் குழுவினர் 1990களில் காட்டினார்கள்.

உயிருள்ள உடலில் சான்று இத்தனை தெளிவாக இல்லை. கினிப் பன்றிகளில் கூடுதல் சி கொடுத்தும் ஈ மிஞ்சவில்லை. புகைபிடிப்பவர்களின் இரத்தத்தில் ஈ வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறது; தினமும் 1,000 மில்லிகிராம் சி சாப்பிட்டபோது அந்த வேகம் தணிந்தது.

அன்புடன்.