ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு, நிரந்தர வேலை என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பாமல் நன்றி சொல்வது எப்படி?

கேள்வி: என் டீமில் ஒப்பந்தத்தில் இருந்தவருக்கு இந்த மாதக் கடைசியோடு காலம் முடிகிறது. ரொம்ப நன்றாக உழைத்தவர். நிரந்தரமாக எடுக்க வழியில்லை. மனதார நன்றி எழுத வேண்டும், ஆனால் ‘திரும்பக் கூப்பிடுவார்கள்’ என்று அவர் நினைத்துவிடக் கூடாது. என்ன எழுதுவது?

பதில்: நன்றிக் கடிதத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீட்டிப்பு இல்லை, நிரந்தர இடமும் இல்லை என்பதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் அதை இன்றைக்கே, தனியாகச் சொல்லுங்கள். கடைசித் தேதி எது, அதுவரையான சம்பளம் எப்போது வரும், கணினி அனுமதி எந்த நாளோடு நிற்கும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். இதைச் சொல்லாமல் நன்றி மட்டும் எழுதினால், எவ்வளவு கவனமாக எழுதினாலும் அவர் வரிகளுக்கு நடுவில் சேதி தேடுவார். தன் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் யாராக இருந்தாலும் தேடத்தான் செய்வார்கள்.

அப்புறம் கடிதம். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒப்பந்தத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

அவர் வேலை, சப்ளையர்கள் அனுப்பும் பில்களைப் பதிவு செய்வது. அதோடு நிறுத்தாமல், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவது ஏன் என்று பார்த்தார். பில் ஒருமுறை மின்னஞ்சலில் வரும், இன்னொரு முறை காகிதத்தில் வரும். ஒருவர் `INV-0457` என்று பதிவார், இன்னொருவர் `INV457` என்று பதிவார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பில், அதனால் எச்சரிக்கை வராது. எண்ணில் உள்ள கோடுகளையும் முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் நீக்கிவிட்டு, சப்ளையரும் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு எக்ஸெல் தாளைப் போட்டார். ஒத்துப்போனால் அந்த வரி சிவப்பாகும். பணம் அனுப்புவதற்கு முன் அந்தத் தாளில் ஓட்டிப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

அவருக்கு நான் எழுதியது இது:

“வணக்கம். உங்கள் ஒப்பந்தக் காலம் 30ஆம் தேதியோடு நிறைவடைகிறது. நீங்கள் இங்கே செய்த வேலையை எழுத்தில் பதிந்து நன்றி சொல்ல விரும்புகிறேன். ஒரே பில் இரண்டு எண்களில் பதிவாகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். அதற்கு முன்பு மாதக் கடைசியில்தான் தெரியவரும், சப்ளையரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு நிற்போம். நீங்கள் போட்ட தாள் வந்த பிறகு, பணம் போவதற்கு முன்பே அது பிடிபட்டுவிடுகிறது. தாளை எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள் எழுதிய குறிப்பு, உங்கள் பெயரோடு பிரிவின் கோப்பில் இருக்கிறது. பதிவு செய்பவர்கள் தயங்காமல் வந்து கேட்கும்படி நீங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையும் கவனித்தேன். இதையெல்லாம் விவரித்து ஒரு பரிந்துரைக் கடிதம் 28ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டுத் தருகிறேன். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்திலிருந்து கேட்டால் என் எண்ணைக் கொடுக்கலாம். நன்றி.”

இதில் ‘கடின உழைப்பாளி’, ‘அர்ப்பணிப்பு’ என்றெல்லாம் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய புகழ்ச்சியைப் படித்தால், எதற்காகப் புகழ்கிறார்கள் என்று புரியாமல் ‘ஏதாவது திட்டம் வைத்திருக்கிறார்களோ’ என்றுதான் தோன்றும். முன்பு எப்படி இருந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது என்று எழுதினால் பாராட்டு அந்த வேலையோடு கட்டப்பட்டு நிற்கும். அவர் அடுத்த நேர்முகத் தேர்வில் சொல்லிக்கொள்ளவும் அதுவே உதவும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்களோ நிறுவனமோ இனிமேல் செய்யப்போவதாக வரும் வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மேலே உள்ளதில் அப்படி ஒன்றே ஒன்றுதான்: பரிந்துரைக் கடிதம். அதற்குத் தேதி இருக்கிறது, அது என் கையில் இருக்கிறது. ‘மறுபடி சேர்ந்து வேலை செய்வோம்’, ‘இடம் காலியானால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான்’, ‘தற்காலிகமாக விடைபெறுகிறோம்’ என்பதெல்லாம் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். ‘நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்பது எதிர்காலத்தைப் பேசவில்லைதான், ஆனாலும் அதே நம்பிக்கையைத்தான் கொடுக்கும். ‘நீங்கள் இல்லாமல் எப்படிச் சமாளிப்போமோ’ என்பதையும் நான் எழுத மாட்டேன். அப்படியானால் ஏன் அனுப்புகிறீர்கள் என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், வேறொரு பிரிவில் ஒருவரிடம் ‘கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது பார்க்கலாம்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவர் அதை நம்பி, கைக்கு வந்த வேறொரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. சொன்னவர் அதற்குள் மறந்தே போயிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

பரிந்துரைக் கடிதம் தருவதாக எழுதுவதற்கு முன் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்களில் பணிபுரிந்த தேதியையும் பதவியையும் தவிர வேறெதையும் நிறுவனத் தாளில் எழுத அனுமதி இருக்காது. அவர் ஏஜென்சி மூலமாக வந்தவர் என்றால் அனுபவச் சான்றிதழ் பொதுவாக அங்கிருந்துதான் வர வேண்டும். நீங்கள் தரக்கூடியது, அவர் வேலையை நேரில் பார்த்தவர் என்ற முறையில் ஒரு கடிதம். கூடவே, அவர் செய்ததில் எதை வெளியே காட்டலாம் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில், தாளின் அமைப்பை விவரிக்கலாம், சப்ளையர் பெயரும் தொகையும் வெளியே போகக் கூடாது என்று எழுத்திலேயே வாங்கிக் கொடுத்தேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர், ‘சார், இனிமேல் ஏதாவது வாய்ப்பு இருக்கா?’ என்று கேட்கக்கூடும். அந்த நேரத்தில்தான் நமக்கு மனது இளகி வாய் தவறும். பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ‘எனக்குத் தெரிந்து எந்த இடமும் இல்லை. அதனால் இதை நம்பி வேறு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியே விளம்பரம் வந்தால் எல்லோரையும் போல விண்ணப்பிக்கலாம், ஆனால் அதில் நான் எந்த உறுதியும் தர முடியாது.’ இவ்வளவு போதும். சொல்லிவிட்டு, அவர் எந்த மாதிரி வேலை தேடுகிறார் என்று கேளுங்கள். அதற்கு ஏற்றபடி பரிந்துரைக் கடிதத்தில் எதை முன்னால் வைப்பது என்று அவரோடு உட்கார்ந்தே முடிவு செய்யலாம்.

டீமிலும் முன்னாடியே சொல்லி வையுங்கள். நீங்கள் அளந்து எழுதியிருப்பீர்கள், வழியனுப்பும் கூட்டத்தில் யாராவது ஒரு மூத்தவர் ‘சீக்கிரமே திரும்பி வந்துடுவாங்க பாருங்க’ என்று சொல்லிவிடுவார். அப்படி நடந்தால் அன்றைக்கே, விடைபெற்றுப் போகிறவரைத் தனியாகப் பார்த்து, அது வாழ்த்தாகச் சொன்னது, முடிவு எதுவும் மாறவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.