ஆஃப் செய்த ஃபேன் நிற்பதற்குள் எத்தனை சுற்று சுற்றும்?

கேள்வி: நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் சீலிங் ஃபேன், ஆஃப் செய்ததும் 40 விநாடியில் நிற்கிறது. நிற்பதற்குள் எத்தனை சுற்று? எனக்கு 628 வருகிறது, விடையில் 100 என்று இருக்கிறது. நிஜ ஃபேனும் இந்தக் கணக்குப்படிதான் நிற்குமா?

உங்கள் 628-ல் தப்பில்லை, ஆனால் அது ரேடியன். ஒரு முழுச் சுற்றுக்கு 2π, அதாவது கிட்டத்தட்ட 6.28 ரேடியன். அதால் வகுத்தால் 100 வந்துவிடும். கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டுவிட்டு கடைசி வரியில் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ரேடியனே தேவையில்லை என்பது என் கருத்து. டார்க், நிலைமத் திருப்புத்திறன் எதுவும் உள்ளே வராத வரை சுற்றிலேயே போட்டுவிட்டுப் போகலாம். நிமிடத்துக்கு 300 என்றால் விநாடிக்கு 5 சுற்று. 40 விநாடியில் அந்த 5 பூஜ்யமாகிறது, வேகம் சீராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி வேகம் விநாடிக்கு 2.5 சுற்று. 2.5-ஐ 40-ஆல் பெருக்கினால் 100. கோண முடுக்கத்தை வைத்துப் போட்டாலும் இதேதான்:

```
α = (0 − 5) / 40 = −0.125 சுற்று/வி²
θ = 5 × 40 + ½ × (−0.125) × 40²
  = 200 − 100 = 100 சுற்று
```

தப்பு எங்கே நடந்தது என்பதை வருகிற விடையே காட்டிக்கொடுத்துவிடும். 200 வந்தால் சராசரி எடுக்க மறந்திருக்கிறீர்கள், அதாவது 40 விநாடியும் ஃபேன் முழு வேகத்தில் ஓடியதாகக் கணக்கு. 6000 வந்தால் நிமிடத்தையும் விநாடியையும் கலந்துவிட்டீர்கள். 300 வந்தால் α-வின் மைனஸ் குறி விழுந்துபோயிருக்கிறது. இன்னொரு வேடிக்கை, இதே சூத்திரத்தில் t = 60 என்று போட்டுப் பாருங்கள், 75 சுற்று வரும். நூறு சுற்றி நின்ற ஃபேன் அப்புறம் தலைகீழாக 25 சுற்று சுற்றியது என்று சூத்திரம் சொல்கிறது, ஏனென்றால் ஃபேன் நின்றதும் உராய்வும் நின்றுவிடும் என்பது அதற்குத் தெரியாது. நிற்கும் நேரத்துக்கு மேல் அந்தச் சூத்திரத்தைக் கொண்டுபோகக் கூடாது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. நிஜ ஃபேன் இப்படி நிற்காது. எவ்வளவு தள்ளிப் போகும் என்று தெரிந்துகொள்ள நானே ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்.

ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தில், நடுவுக்குப் பக்கமாக, சின்னதாகச் சிவப்பு டேப் ஒட்டினேன். இது அவசியம். செல்போன் வீடியோ பொதுவாக விநாடிக்கு 30 படம் எடுக்கும், ஃபேன் விநாடிக்கு 5 சுற்று, ஆக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் இறக்கை 60 டிகிரி நகர்ந்திருக்கும். மூன்று இறக்கையும் ஒரே மாதிரி, 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால் அடுத்த படத்தில் இறக்கை சரியாகப் பழைய இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் வந்து நிற்கும், ஃபேன் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றே சொல்ல முடியாது. டேப் இருந்தால் அந்தக் குழப்பமில்லை. போனைத் தரையில் கேமரா மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன் (லேசான காற்று இருந்தாலும் கடைசி நேரத்தில் ஃபேன் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும்), வேகம் நிலைப்பட இரண்டு நிமிடம் ஓடவிட்டேன், அப்புறம் சுவிட்சைத் தட்டினேன். சுவிட்ச் தட்டும் சத்தம் வீடியோவில் பதிவாகும், அதுதான் பூஜ்யம். ஸ்டாப்வாட்சே வேண்டாம்.

ஆஃப் செய்வதற்கு முன் 10 சுற்றுக்கு 2 விநாடி ஆனது, ஆக நம் ஃபேனைப் போலவே விநாடிக்கு 5 சுற்று. நின்றது 44-வது விநாடியில். சூத்திரப்படி 2.5 × 44 = 110 சுற்று. வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, டேப் ஒரே சுவர் மூலையைக் கடக்கும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட்டு எண்ணினேன். முதல் தடவை 68, நடுவில் தும்மிவிட்டேன், அது கணக்கில் சேராது. அடுத்த இரண்டு தடவையும் 71.

110 எங்கே, 71 எங்கே. எண்ணுவதில் ஒன்றிரண்டு தப்பலாம், 39 தப்பாது.

விஷயம் நடுவில்தான் இருக்கிறது. வேகம் சீராகக் குறைந்திருந்தால் 22-வது விநாடியில்தான் அது பாதியாகியிருக்க வேண்டும். வீடியோவில் 10-வது விநாடியிலேயே விநாடிக்கு 2.5 சுற்றுக்கு வந்துவிட்டது, 20-வது விநாடியில் வெறும் 1.5. அதாவது ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கி, அப்புறம் நின்றுவிடுமோ நின்றுவிடுமோ என்று நெடுநேரம் இழுக்கிறது. வேகத்தையும் நேரத்தையும் வரைபடமாகப் போட்டால் நேர்க்கோடு வராது, கீழ்நோக்கித் தொய்ந்த கயிறு மாதிரி ஒரு வளைவு வரும். சுற்றுகளின் எண்ணிக்கை என்பது அந்த வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு. கயிறு தொய்ந்தால் பரப்பு குறையும், அதனால்தான் 110 கிடைக்கவில்லை.

தொய்வுக்குக் காரணம் ஃபேனைப் பிடித்து நிறுத்துவது ஒரு விசை அல்ல, இரண்டு. ஒன்று பேரிங்கின் உராய்வு, இது வேகம் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவு. மற்றது காற்றின் தடை, இது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: வேகம் பாதியானால் தடை நான்கில் ஒன்றாகிவிடும். காற்றைத் தள்ளுவதுதானே ஃபேனின் வேலை, அதனால் முழு வேகத்தில் காற்றுத் தடை பேரிங்கைவிடப் பல மடங்கு பெரிது. என் ஃபேனின் எண்களை இரண்டு தடையும் சேர்ந்த சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால் ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஆக சுவிட்சைத் தட்டிய கணத்தில் காற்று அழுத்திப் பிடிக்கிறது, வேகம் குறையக் குறைய அது கைவிட்டுவிடுகிறது, கடைசியில் பேரிங் மட்டும் தனியாக நின்று அதை நிறுத்துகிறது. α ஒரு மாறிலி என்று நாம் எழுதியது இங்கேதான் உடைகிறது.

இதற்காக வகைக்கெழுச் சமன்பாட்டுக்குள் இறங்க வேண்டாம், உங்களிடம் இருக்கிற அதே சராசரிச் சூத்திரத்தைத் துண்டு துண்டாகப் போட்டாலே போதும். ஒவ்வொரு துண்டிலும் α மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
0–10 வி:   (5 + 2.5)/2 × 10   = 37.5
10–20 வி:  (2.5 + 1.5)/2 × 10 = 20
20–44 வி:  (1.5 + 0)/2 × 24   = 18
மொத்தம்:   75.5 சுற்று
```

ஒரே துண்டாகப் போட்டால் 110, 10-வது விநாடியில் மட்டும் வெட்டி இரண்டு துண்டாகப் போட்டால் 80, மூன்றாகப் போட்டால் 75.5. ஒவ்வொரு முறையும் எண்ணிக் கிடைத்த 71-ஐ நெருங்குகிறது, ஆனால் எப்போதும் அதற்கு மேலேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டுக்குள்ளேயும் கயிறு கொஞ்சம் தொய்ந்திருக்கும், நாம் அதை நேராக இழுத்துக் கட்டிப் பார்க்கிறோம்.

புத்தகச் சூத்திரம் அப்படியே பொருந்துகிற இடமும் ஒன்று இருக்கிறது: கடைசிப் பத்து விநாடி. அங்கே ஃபேன் இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்துக்கு வந்துவிடுகிறது, காற்றுத் தடை கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. சூத்திரம் இரண்டரைச் சுற்று என்கிறது, டேப்பைப் பார்த்தால் இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது சுற்றில் பாதியை எட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. இதைவிட நன்றாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

எண்ணுகிற பொறுமை இல்லை, உங்கள் ஃபேனில் α மாறிலியா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ரெகுலேட்டரைக் குறைத்து வேகத்தைப் பாதியாக்கிவிட்டு ஆஃப் செய்யுங்கள். ω² = 2αθ என்பதால் α மாறிலியானால் பாதி வேகத்துக்குச் சுற்றுகள் நான்கில் ஒன்றாக வேண்டும், நிற்கும் நேரம் பாதியாக வேண்டும். என் ஃபேனுக்கு அது 18 சுற்றும் 22 விநாடியும். ஆனால் பாதி வேகத்திலிருந்து ஆஃப் செய்தபோது நிற்க 34 விநாடி ஆனது, எண்ணினால் 35 சுற்று. முழு வேகத்தில் ஆஃப் செய்த வீடியோவில் 10-வது விநாடிக்கு அப்புறம் மிச்சமிருந்ததும் அதே 34 விநாடி, அதே 35 சுற்றுதான்.