ஹாரன் அடித்தது யார்?

கேள்வி: மொபைலில் ஆடியோ கதைகள் சொல்லி வெளியிடுகிறேன். கேட்பவர்கள் சில வினாடிகளிலேயே நகர்ந்துவிடுகிறார்கள். எங்கள் மளிகைக்கடையை மூடிய நாளைப் பற்றிய கதையை இப்படித் தொடங்கியிருக்கிறேன்: "மாலைச் சூரியன் மறைந்துகொண்டிருந்த அந்தச் சோகமான வேளையில், நாற்பது ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்ட கடையின் முன்னால் அப்பா கனத்த மனதோடு நின்றுகொண்டிருந்தார்." அன்று அப்பா பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார், நான் காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சின்ன விஷயம். முதல் வரியை எப்படி மாற்றலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எது தம்பி சின்ன விஷயம்? நாற்பது வருஷக் கடையை விட்டு வர மனமில்லாமல் ஒரு மனிதர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். பெற்ற மகன் ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறான். உங்கள் கதையே அதுதான். அதை ஒளித்துவைக்கத்தான் சூரியனைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்.

அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எட்டு வினாடிக்கு மேல் ஆகும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். சூரியன், வேளை, நாற்பது ஆண்டு, சோறு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு "நின்றுகொண்டிருந்தார்" வரைக்கும் கேட்பவர் காத்திருக்க வேண்டும். அச்சில் என்றால் கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. அப்புறம், "சோகமான", "கனத்த மனதோடு" இரண்டும் நடப்பதைக் காட்டாமல், இப்படி உணர் என்று உத்தரவு போடுகிற சொற்கள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்பா ஷட்டர் பூட்டை மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தார். நான் காரில் ஹாரன் அடித்தேன்."

ஐந்தாறு வினாடிதான். "ஷட்டர்" என்றதும் கடை வந்துவிட்டது. "மூன்றாவது முறை"யில் அவர் மனசு வந்துவிட்டது. இரண்டு வாக்கியத்தையும் இடம் மாற்றிவிடாதீர்கள். ஹாரன் முதலில் வந்தால் அது வெறும் தெரு நெரிசல். பூட்டுக்குப் பிறகு வந்தால்தான் அது உங்கள் அவசரம். கடையை மூடிவிட்டீர்கள் என்ற தகவல் மூன்றாவது வரிக்கு வரட்டும், தப்பில்லை.

பூட்டுச் சத்தம் சேர்க்க ஆசை வரும். வெறும் சத்தத்தில் தொடங்கினால் அது பூட்டா, பாத்திரமா என்று தெரியாது. "இழுத்துப் பார்த்தார்" என்று சொன்ன பிறகு ஒரு வினாடி போடுங்கள், போதும். ஹாரன் சத்தம் வேண்டவே வேண்டாம். ரோட்டில் நடந்துகொண்டே கேட்பவர், நிஜ வண்டி என்று திரும்பிப் பார்ப்பார்.

இந்த வரியைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். அப்பாவின் துக்கத்தை ஊருக்குச் சொல்கிற பிள்ளை, தன் பங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. அப்பா இருக்கிறார் என்றால், வெளியிடுவதற்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். காரில் ஏறியதும் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கதையை வெளியிடாதீர்கள்.