கதை சொல்லும் கிழவி அன்று ராத்திரி எங்கே இருந்தாள்?

"ஃபேண்டஸி கேம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த உலகத்தின் பழைய கதையை ஊர்ப் பெரியவர் ஒருவர் நாட்டுப்புறக் கதையாகச் சொல்ல வேண்டும். நான் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது. என்ன செய்வது?"

உங்கள் பெரியவருக்கு அந்த உலகத்தின் முழு வரலாறும் தெரிந்திருக்கும், அதுதான் கோளாறு. நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். நானும் நண்பனும் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்தோம். அதில் ஊர்க் கிழவர் ஒருவர் ஒளிக்குலம், இருட்குலம், ஏழு அரசர்கள், மூன்று போர்கள் என்று பதினான்கு திரை பேசுவார். ஐந்து பேரிடம் விளையாடக் கொடுத்தோம். நான்கு பேர் ஸ்கிப் பட்டனை அழுத்தினார்கள். ஐந்தாமவன் பொறுமையாகப் படித்துவிட்டு, "இந்தத் தாத்தா எந்தக் காலேஜ்ல வாத்தியாரா இருந்தாரு?" என்று கேட்டான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கம் ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் கதை கேட்டேன். குலம், போர் எதையும் கேட்கவில்லை. கண்மாய் மடையில் மஞ்சள் பூசி ஒரு கல் நிற்கும், அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் பேசினார். ஊரில் கதை பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளிலிருந்துதான் கிளம்பும்: ஒரு கல், ஒற்றைப் பனை, யாரும் குடியேறாத வீடு. உலகம் எப்படித் தோன்றியது என்று அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் "எனக்கென்னய்யா தெரியும்" என்றிருப்பார்.

அவர் சொன்னது, கண்மாய் முனி காவு கேட்ட கதை. பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல், "முனியாவது சனியாவது. கலுங்கை அடைச்சு வச்சா எந்தக் கரை நிக்கும்?" என்றார். என் கேமுக்கு வேண்டியது அந்த ஒரு வரியில் கிடைத்துவிட்டது.

கண்மாய் பார்த்திராதவர்களுக்காக: நிறைந்த பிறகு வரும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையில் தாழ்வாகக் கட்டிவைத்த இடம் கலுங்கு. மேட்டு வயலுக்கும் தண்ணீர் ஏற வேண்டும் என்று யாராவது அதில் கல்லும் மண்ணும் வைத்து உயர்த்திவிட்டால், பெருமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கரையை உடைக்கும். அப்போது வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறந்துவிட்டால் பாரம் கொஞ்சம் குறையும். பழைய மடைகளில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும், அவற்றின் அடியில் துளை, துளையில் அடைப்பு. ஒரு ஆள் முங்கிப்போய் அந்த அடைப்பைத் தூக்க வேண்டும். துளை வழியாகப் பாயும் தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

பதினான்கு திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதியது இது. கிழவருக்குப் பதில் ஒரு கிழவி சொல்கிறாள்:

"ஒரு ஊர்ல ஒரு கம்மாயாம். கடலாட்டம் கெடக்குமாம். வருசா வருசம் ஐப்பசி மழைக்குக் கரை ஒடைஞ்சுபோகுமாம். உள்ள இருக்க முனிக்குப் பசின்னு பூசாரி குறி சொன்னாராம். ஆட்டைக் குடுத்தாகளாம், ஒடைஞ்சுச்சாம். மாட்டைக் குடுத்தாகளாம், ஒடைஞ்சுச்சாம். மடை தெறக்குற நீர்க்கட்டிக்கு ஒத்தை மகனாம். முங்குனா ஒரு வாய் வெத்தலை மெல்லுற நேரம் மூச்சடக்குவானாம். அவனை எறங்கச் சொன்னாகளாம். நல்ல மழை. கலுங்குல சொட்டுத் தண்ணி போகல. வெளக்குல எண்ணெயும் தீந்துபோச்சு. முங்குனவன் மேல வரலையாம். கரையும் ஒடையலையாம். விடிஞ்சு பாத்தா மடையில ஒரு கல்லு நின்னுச்சாம்."

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லா வரியும் '-ஆம்' என்று முடிகிறது, நடுவில் மூன்றைத் தவிர. '-ஆம்' என்றால் 'நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன்' என்று பொருள். தமிழில் கதை சொல்கிறவர் தன் கையைக் கழுவிக்கொள்ளும் இடம் அது. மழை, கலுங்கு, விளக்கு என்ற மூன்று வரியிலும் கிழவி கையைக் கழுவ மறந்துவிடுகிறாள். ஏனென்றால் அவள் அங்கே இருந்தாள். சிறுமியாக விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள். பெருமழையில் கலுங்கில் தண்ணீர் போகவில்லை என்றால் யாரோ அடைத்திருக்கிறார்கள். அடைத்தது ஊர்த்தலைவர் வீடு. முனி கதையைக் கட்டிவிட்டதும் அவர்களே.

அதைக் கவனித்த ஆட்டக்காரருக்கு மட்டும் கதை முடிந்ததும் "அந்த விளக்கு யார் கையில இருந்துச்சு, பாட்டி?" என்று கேட்க வழி வைத்தோம். கவனிக்காதவர் முனியைத் தேடிக் கண்மாய்க்குள் வாளோடு இறங்குவார். அதுவும் நல்ல விளையாட்டுதான், இறங்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதலில் ஒரே ஒரு வரியில் மட்டும் '-ஆம்' போடாமல் விட்டேன். நாங்கள் காட்டியவர்களில் ஒருவர்கூடப் பிடிக்கவில்லை, எழுத்துப்பிழை என்று நினைத்தார்கள். மூன்று வரி அடுத்தடுத்து வந்த பிறகுதான் சிலருக்கு உறைத்தது. மற்ற எல்லா வரியிலும் '-ஆம்' தவறாமல் இருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் துப்பு கெட்டுவிடும்.

ஸ்கிப் பட்டனையும் எடுத்துவிட்டோம். அப்பத்தாவுக்கு நாம் 'உம்' கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் நிறுத்திவிட்டு "தூங்கிட்டியா?" என்பார். அதையே பட்டனாக்கினோம். 'உம்' அழுத்தினால் அடுத்த வரி வரும். கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தால் கிழவி "தூங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு முந்தின வரியையே வேறு மாதிரி சொல்வாள். ஆடு கிடாயாகும், பூசாரி கோடாங்கியாவார். ஆனால் அந்த மூன்று வரி மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சொல் மாறாது.

நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் இதற்குள் கோபமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். எல்லா ஊரிலும் எல்லாக் கதையும் '-ஆம்' போட்டுத்தான் சொல்லப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. கிராமத்து ஆட்களை மூடநம்பிக்கைக்காரர்களாகக் காட்டியதாகவும் சொல்ல வேண்டாம். என் கதையில் கிழவிக்குத்தான் எல்லாம் தெரியும், அவள் சொல்ல முடியாத இடத்தில் வாழ்கிறாள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வேறொரு கேம் கம்பெனிக்குத் தமிழ் வசனம் எழுதினேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. 'உடைந்துபோய்விட்டதாம்' என்பது அவர்கள் கணக்கில் ஒரே வார்த்தை. இதையே இங்கிலீஷில் எழுதுகிறவர் நாலைந்து வார்த்தைக்குக் காசு வாங்குவார். கேட்டதற்கு, "எல்லா மொழிக்கும் ஒரே விதி சார்" என்றார்கள். விலகிவிட்டேன்.

எங்கள் கேமின் இங்கிலீஷ் வடிவம் இன்னும் பாதியில் நிற்கிறது. மொழிபெயர்த்த நண்பர் '-ஆம்' வந்த இடத்திலெல்லாம் 'என்று சொல்கிறார்கள்' என்று போட்டார். பத்து வரியில் பத்து முறை வந்ததும் கிழவி கோர்ட்டில் சாட்சி சொல்வது போல ஆகிவிட்டது. இப்போதைக்கு அந்த மூன்று வரியின்போது கிழவியின் கை விளக்குப் பிடிப்பது மாதிரி லேசாக உயரும்படி வரைந்து வைத்திருக்கிறோம்.