மாடலைத் தொடவில்லை, அலர்ட் மட்டும் ஏறுகிறது: கேள்வி பதில்

கேள்வி: மோசடி பிடிக்கும் மாடலை எட்டு மாதமாகத் தொடவில்லை. அலர்ட் இரட்டிப்பாகிவிட்டது. விசாரித்தால் பெரும்பாலும் நல்ல வாடிக்கையாளர்கள். மோசடி கூடிவிட்டதா?

பதில்: மாறியது வாடிக்கையாளர் பழக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த ஃபீச்சர் நகர்ந்தது என்று முதலில் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் இரவு 12 முதல் 5 மணி வரை நடந்த பரிவர்த்தனை 5 சதவீதம், இப்போது 15 என்று வைத்துக்கொள்வோம். பரவல் எவ்வளவு நகர்ந்தது என்பதை அளக்கும் PSI எண் இப்படி வரும்:

```
(0.15-0.05)*ln(0.15/0.05) = 0.110
(0.85-0.95)*ln(0.85/0.95) = 0.011
PSI = 0.121
```

0.1-ஐத் தாண்டினால் கவனி, 0.25-ஐத் தாண்டினால் இறங்கி வேலை செய் என்பது வழக்கத்தில் உள்ள கைக்கணக்கு, விதி அல்ல. அன்று இரவில் வாங்குவோர் குறைவு, அவர்களுக்குள் மோசடிக்காரர் விகிதம் அதிகம். மாடல் அதைத்தான் கற்றது. இன்று நல்லவர்களும் அந்நேரம் வாங்குகிறார்கள். எந்த ஸ்கோருக்கு மேல் அலர்ட் எழ வேண்டும் என்ற த்ரெஷோல்டை எல்லாவற்றுக்கும் உயர்த்தினால் அலர்ட் குறையும், ஆனால் பகல் நேர மோசடியும் சேர்ந்து நழுவும். மறுபயிற்சி முடியும்வரை இரவுக்கு மட்டும் தனி த்ரெஷோல்ட் வையுங்கள்.

கேள்வி: மாதாமாதம் புது டேட்டாவில் மறுபயிற்சி கொடுத்தால் போதாதா சார்?

பதில்: பாதி சரி. வாடிக்கையாளர் 'இது நான் செய்ததல்ல' என்று பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வந்து சேர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். போன மாத மோசடியில் பல இன்னும் 'நல்லது' என்றே பதிவாகியிருக்கும். அதை ஊட்டினால், புதிய மோசடியை நல்லதாக மாடலுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். ஓராண்டுக்கு முந்தைய ஒரு மாதத்தை எடுத்து, அதன் மோசடிகளில் 90 சதவீதம் எத்தனையாவது நாளில் தெரியவந்தது என்று எண்ணுங்கள். 75 நாள் என்றால், கடைசி 75 நாளின் 'நல்லது' லேபிள்களை நம்பாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் எல்லா ஃபீச்சருக்கும் PSI 0.05-க்குக் கீழேதான். இழப்பு ஏறினாலும் மாடல் மேல் குற்றமில்லை, சரிதானே?

பதில்: இல்லை. PSI உள்ளே வருவதன் பரவலை மட்டும்தான் பார்க்கும், எது மோசடி என்பதைப் பார்க்காது. ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் மோசடி என்றால், அந்தச் சிலர் நல்லவர் போலவே சின்னத் தொகைகளாக எடுக்கத் தொடங்கினாலும் பரவல் அசையாது. தப்பிவந்த மோசடிகளின் ஸ்கோரை மாதவாரியாக வரைந்து பாருங்கள். அது கீழே இறங்கிக்கொண்டே போனால் மாடல் பழையதாகிவிட்டது.

கேள்வி: நாங்கள் தடுத்தவற்றுக்கு லேபிளே கிடைப்பதில்லையே? அவற்றில் 1 சதவீதத்தைத் தடுக்காமல் அனுமதித்துப் பார்க்கச் சொன்னேன், ரிஸ்க் குழு மறுத்துவிட்டது.

பதில்: அவர்கள் பயம் நியாயமானது. தொகைக்கு உச்சவரம்பு வைத்துக் கேளுங்கள். அதற்குள் வருபவற்றில் குலுக்கல் முறையில் 1 சதவீதத்தை அனுமதித்தால், பயிற்சியில் ஒவ்வொன்றுக்கும் 100 எடை கொடுக்க வேண்டும். வரம்புக்கு மேலான தொகைகளில் இந்த வழி உதவாது. அங்கே வாடிக்கையாளரை அழைத்து விசாரிக்கிறார்கள். அழைப்பை எடுக்காதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் எனக்கே திருப்தியான பதில் இல்லை.