மார்க்குக்கு இல்லாமல் உழைப்புக்கு ஒரு பரிசு

"மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். மார்க் சுமார்தான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்தவள் இப்போது சரளமாக வாசிக்கிறாள். அந்த உழைப்புக்கு என்ன வாங்கித் தரலாம்?"

கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள், ஆனால் அவளே தேர்ந்தெடுக்கட்டும். கடைக்குக் கூட்டிப்போய் 300 ரூபாயைக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எதற்கான பரிசு என்று எழுதுங்கள்: "தினமும் ராத்திரி சத்தமாக வாசித்ததற்கு." 'கெட்டிக்காரி' வேண்டாம். 1998-இல் மியூல்லர், ட்வெக் என்ற உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள்.

நீங்கள் குழம்புவது, சைக்கிள், வாட்ச் என்று மார்க்குக்குத் தரும் பொருட்களையே யோசிப்பதால் இருக்கலாம். அவற்றில் அவள் செய்தது எதுவும் தெரியாது.

வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். அப்புறம், எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று அவளிடமே கேளுங்கள். அவள் கணக்கு என்று சொன்னால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒன்று மட்டும்: "ஆறாம் வகுப்பிலும் இப்படிப் படித்தால் இன்னொன்று" என்று பேரம் வைக்காதீர்கள். வாசிப்பு கூலி வேலையாகிவிடும்.